ஒரே வீடு, மூன்று விதமாக எழுதிப் பார்த்த கணக்கு

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் ஒரு ஊர். பெயர் சொல்லப் போவதில்லை, காரணம் பின்னால் வரும். அங்கே 950 சதுர அடியில் ஒரு ஓரடுக்கு வீடு. கணவன், மனைவி இருவருக்கும் மாதச் சம்பளம், கொஞ்சம் நிலம், கல்லூரியில் ஒரு மகள், கூடவே பெரியவர் ஒருவர். 2024 மாசியில் உள் அலங்கார வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், வைகாசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். சமையலறை, இரண்டு படுக்கையறை அலமாரிகள், அவற்றின் மேல் பரணுக்குக் கதவு, கூடத்தில் டிவி வைக்க ஒரு அடிப்பெட்டி, ஒரு பூஜை அலமாரி. இதுதான் மொத்த வேலை.

வேலை முடிந்து போட்டோவும் எடுத்தாயிற்று. அதை என் வேலைத் தொகுப்பில் ஒரு பதிவாகப் போட வேண்டும். செலவையும் நாளையும் எப்படிச் சொல்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே மொத்தத் தொகையாகச் சொல்லலாம். சதுர அடி விலையாகச் சொல்லலாம். அல்லது ‘இதிலிருந்து இது வரை’ என்று வரம்பாகச் சொல்லலாம். மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் சின்ன அளவில் உள் அலங்கார வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே வைக்கிறேன்.

முதல் வகை எழுதச் சுலபம். “கும்பகோணம் அருகே 950 சதுர அடி வீடு, முழு இன்டீரியர், 4 லட்சம், 45 நாள்.” பளிச்சென்று இருக்கிறது, போனும் நிறைய வரும். இரண்டு வருஷம் முன்பு வேறொரு வீட்டுக்கு இப்படித்தான் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒருவர் வந்தார். 1,350 சதுர அடி வீடு, மூன்று படுக்கையறை, கீழ்வீடு மாடிவீடு. “சார், அந்த வீட்டுக்கு நாலு லட்சம்னு நீங்கதானே போட்டிருந்தீங்க, எங்களுக்கு மட்டும் ஏன் ஏழு?” என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த நான்கு லட்சத்தில் கிரானைட் மேடை சேர்த்தியா, மின்வேலை சேர்த்தியா, சிம்னி யார் வாங்கியது, எந்த மாதத்து விலை என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அரை மணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் வேலை வரவில்லை. ‘இவன் ஒன்று எழுதி ஒன்று சொல்கிறான்’ என்றுதான் நினைத்திருப்பார்.

மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அந்த ஒற்றை எண் ஒரு விளம்பரம் இல்லை. அதை வைத்துக்கொண்டு சீட்டை எப்போது எடுப்பது, நகையை வைப்பதா வேண்டாமா என்று வீட்டுக்குள் பேசுகிறார்கள். எண் ஒரு லட்சம் பிசகினால் அந்தப் பேச்சு முழுக்கப் பிசகிவிடும்.

சரி, சதுர அடிக்கு வருவோம். இதுதான் நியாயமான அளவு என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். “சதுர அடி 1,400 ரூபாய்” என்றால் யாரும் தங்கள் வீட்டு அளவை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம் இல்லையா? எதைப் பெருக்குவது என்பதில்தான் சிக்கல்.

இந்த வீட்டுப் பெரிய படுக்கையறை அலமாரியையே எடுத்துக்கொள்வோம். அகலம் 6 அடி, உயரம் 7 அடி, ஆழம் 2 அடி. நான் முகப்பை அளப்பேன். ஆறேழு நாற்பத்திரண்டு சதுர அடி, 1,400 வீதம் 58,800 ரூபாய். எங்கள் பக்கத்து ஆசாரிகள் பலர் முகப்பை அளப்பதில்லை, பலகையை அளப்பார்கள். பக்கச் சுவர் இரண்டும் சேர்த்து 28, மேலும் கீழும் 24, நடுத்தடுப்பு 14, நாலு தட்டு 24, முதுகு 42, கதவு 42. கூட்டினால் 174 சதுர அடி. அதே 58,800 ரூபாயை இதனால் வகுத்தால் சதுர அடி 340 ரூபாய்கூட முழுதாக வராது. அலமாரி ஒன்று, பணமும் ஒன்று. ஒருவர் 1,400 என்கிறார், இன்னொருவர் 340 என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் குடும்பத் தலைவிக்கு நான் கொள்ளைக்காரனாகத்தான் தெரிவேன்.

மூன்றாவதாக இன்னொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தச் செலவை வீட்டுப் பரப்பால் வகுத்து “சதுர அடிக்கு 424 ரூபாயில் முழு வீடு” என்று போடுவார்கள். எண் சின்னதாக இருப்பதால் கண்ணைக் கவரும். ஆனால் வீடு பெரிதானால் சமையலறை அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. காலிக் கூடம் அகலமாக இருக்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கில் பெருக்கினால் தேவைக்கு மேல் தொகை வரும், 600 சதுர அடி வீட்டுக்குப் பெருக்கினால் போதாமல் போகும்.

ஒப்பந்தத் தாளில் சதுர அடி விலை கட்டாயம் வேண்டும். அங்கே முகப்பு அளவா பலகை அளவா என்று எழுதி, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். போட்டோவுக்குக் கீழே நாலு வரியில் அதைச் செய்ய முடியாது. அதனால் பதிவில் அதை விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது வரம்பு. இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. “3 முதல் 6 லட்சம் வரை” என்று எழுதுவது வரம்பே இல்லை, தப்பித்துக்கொள்ள ஒரு வாசல். படிக்கிறவர் மூன்றைப் பிடித்துக்கொள்வார், நாம் ஆறை நினைத்துக்கொண்டிருப்போம். வரம்பின் இரண்டு முனையும் எதனால் வந்தது என்று பெயர் சொல்ல முடிந்தால்தான் அது உபயோகப்படும். இந்த வீட்டில் அது முடிந்தது. அந்தக் குடும்பம் உண்மையிலேயே இரண்டு வழிகளுக்கு நடுவில் நின்று யோசித்தது என்பதுதான் காரணம்.

சமையலறையில் ஏற்கெனவே கடப்பாக் கல் தடுப்பும் தட்டும் இருந்தது. டெல்டாவில் கொஞ்சம் பழைய வீடு எதில் பார்த்தாலும் மேடைக்குக் கீழே இது இருக்கும். கறுப்பாக, அழகில்லாமல் இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டாலும் ஊறாது, கரையானும் தொடாது. ஒரு வழி, கடப்பாவை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே கதவு மட்டும் போடுவது. இன்னொன்று, அதை உடைத்து எடுத்துவிட்டு ஈரம் தாங்கும் பிளைவுட்டில் பெட்டி செய்து, இழுப்பறையும் கம்பிக் கூடையும் வைப்பது. பெரியவருக்கு முதல் வழி. “நல்லா இருக்கிற கல்லை ஏம்பா உடைக்கணும்?” என்றார். அந்த அம்மாவுக்குக் குனிந்து உள்ளே கைவிட்டுப் பாத்திரம் எடுத்து முழங்கால் போய்விட்டது. “மாமா, நீங்க ஒரு நாள் அந்த மூலையிலேருந்து குக்கரை எடுத்துப் பாருங்க” என்றார். இழுப்பறை ஜெயித்தது.

விலையில் அது என்ன ஆனது என்று பார்க்கலாம். கீழ்வரிசை முகப்பு 35 சதுர அடி. பெட்டியாகச் செய்தால் 1,700 வீதம் 59,500. கதவு மட்டும் என்றால் 650 வீதம் 22,750. கூடை, இழுப்பறைத் தண்டவாளம், மெதுவாக மூடும் கீல் எல்லாம் சேர்த்து 48,000 ஆனது. கடப்பாவை வைத்துக்கொண்டிருந்தால் கீல், கைப்பிடி மட்டும் 14,000 ரூபாயில் முடிந்திருக்கும். இந்த ஒரு முடிவில் மட்டும் 70,750 ரூபாய் வித்தியாசம். மற்றவை இரண்டு வழியிலும் ஒன்றுதான். மேல்வரிசை 30,000, இரண்டு அலமாரிகள் 1,07,800, பரண் கதவுகள் 27,300, டிவி பெட்டி 28,000, பூஜை அலமாரி 33,600. மரவேலைக்கு வெளியே கொத்தனார், பிளம்பர், மின்வேலை, சிம்னி சேர்த்து 69,000. மொத்தம் 4,03,200 ஆனது. கடப்பாவை விட்டுவைத்திருந்தால் 3,32,450.

ஆக வரம்பு 3.3 முதல் 4 லட்சத்துச் சொச்சம் வரை. கீழ்முனையின் பெயர் ‘கடப்பா இருக்கட்டும்’, மேல்முனையின் பெயர் ‘இழுப்பறை வேண்டும்’. படிக்கிற அம்மா தன் சமையலறையைத் திரும்பிப் பார்த்தால் தான் எந்த முனையில் நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிடும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே பாதி முடிவு அங்கே நடந்துவிடுகிறது.

அப்புறம் நாள் கணக்கு. பணத்தைவிட இதில்தான் எங்கள் தொழிலில் பொய் அதிகம்.

எல்லாரும் 45 நாள் என்கிறோம். எந்த நாளிலிருந்து 45? குடும்பம் முதல்முறை பேசிய நாளிலிருந்து எண்ணுகிறது. நாங்கள் முன்பணம் வந்து, வரைபடம் ஒத்துக்கொண்டு, ஆசாரி உளியை எடுத்த நாளிலிருந்து எண்ணுகிறோம். இந்த வீட்டு நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. பேச்சும் வரைபடமும் 16 நாள். வைப்புத்தொகை முதிர்வதற்காகக் காத்திருந்தது 9 நாள். சுவர் வேலை 24 நாள். தச்சு வேலை 29 நாள். ஆசாரிகள் ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழா, 7 நாள் ஆள் இல்லை. தேர்ந்தெடுத்த லேமினேட் நிறம் கடையில் தீர்ந்து, வேறு ஊரிலிருந்து வர 5 நாள். கீல் சரிசெய்வது, துடைப்பது, கடைசிச் சில்லறை வேலை 4 நாள். மொத்தம் 94. இதில் வீட்டுக்குள் உண்மையாகக் கை ஓடிய நாள் 36 மட்டும். ‘36 நாளில் முடித்தோம்’ என்று நான் எழுதினால் அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு மேல் அரைகுறை வீட்டில் வாழ்ந்தது.

சுவருக்கு 24 நாள் ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டெல்டாவில் வேலை செய்கிறவர் பதிவில் மறைக்கக் கூடாத விஷயம் இது.

வீட்டின் முன்பகுதி சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. எங்கள் மண் களிமண், நிலத்தடி நீரும் மேலே இருக்கிறது. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓதம் என்போம். நான் பார்க்கப் போனது பின்பனியில், சுவர் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். வெளிப்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், கவலையில்லை. உள்பக்கம் என்றால் சுவர் விடுகிற நீர்.

அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி வைத்தால் என்ன ஆகும் என்பதை வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதலில் துணியில் ஒரு பூஞ்சை வாடை. பிறகு முதுகுப் பலகை உள்பக்கமாக உப்பும். அடித்தட்டின் ஓரப் பட்டை விட்டுப்போகும். இரண்டாவது மழைக்காலத்தில் கீழ் இழுப்பறை திறக்காது. இது ஐஎஸ் 710 முத்திரை உள்ள கப்பல் பிளைவுட் போட்டாலும் முழுதாகத் தீராது. பலகை தாங்கலாம், அதன் மேல் ஒட்டின பசையும் உள்ளே வைத்த பட்டுப்புடவையும் தாங்காது.

அதனால் மூன்றடி உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரம் தடுக்கும் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசினோம். வேலை மூன்று நாள்தான். காய்வதற்கு 21 நாள் விட்டோம். பங்குனி வெயில் என்பதால் அதோடு முடிந்தது. ஐப்பசியில் செய்திருந்தால் அந்த நாளுக்குள் காய்ந்திருக்காது. இது ஓதத்தை ஒழிக்கிற வைத்தியமும் இல்லை, தள்ளிப்போடுகிற வைத்தியம். அதை வீட்டாரிடம் முதலிலேயே சொன்னேன். அதனால்தான் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குலம் உயரக் கால் வைத்து நிறுத்தினோம். காற்று போக வழி வேண்டும்.

இவ்வளவையும் பதிவில் எழுதினால் ஆள் ஓடிவிடுவார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவரும் இதே தொழில், தஞ்சாவூரில். “வீடு அழகாயிடுச்சுன்னு சொல்லுய்யா, சுவர்ல தண்ணி ஒழுகுதுன்னு எதுக்குச் சொல்றே?” அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முதல் வகைப் பதிவுக்கு வந்த போன்களில் பாதிகூட இதற்கு வரவில்லை. ஆனால் வந்தவர்கள் “எங்க வீட்லயும் உப்பு பூக்குது, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டார்கள். விலையை விளக்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது. ஒரு நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் போய் அளக்க முடியாத என்னைப் போன்றவனுக்கு இதுதான் லாபம். பத்து ஆள் வைத்து, விசாரிக்க வருகிறவர்களிடம் பேச ஒருவரைத் தனியாக உட்காரவைத்திருக்கிறவருக்குக் கணக்கு மாறலாம். அவர் ஒற்றை எண்ணையே போட்டுக் கூட்டம் சேர்க்கட்டும்.

ஒற்றை எண் எனக்கும் ஒரு இடத்தில் உதவுகிறது. தனிப் பொருளுக்கு. இந்தப் பூஜை அலமாரியை மட்டும் தனியாகப் போடும்போது “3 அடி அகலம், 7 அடி உயரம், 33,600 ரூபாய், மே 2024 விலை” என்று எழுதினேன். அளவும் மாதமும் இருந்தால் யாரும் குழம்புவதில்லை.

இனி ஊர்ப் பெயரை ஏன் விட்டேன் என்பது. நகரத்தில் யார் வீடு என்று யாருக்கும் தெரியாது. இங்கே ஜன்னல் கம்பியைப் பார்த்தே “இது இன்னார் வீடாச்சே” என்று சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் நான்கு லட்சத்துக்கு வேலை நடந்தது என்று தெருவுக்குத் தெரிந்தால், மறுவாரம் கைமாற்று கேட்க ஒருவர் வருவார், வரன் பேச வந்த இடத்தில் அது வேறு மாதிரி எடைபோடப்படும். வரம்பாகச் சொல்வதில் இந்த வசதியும் இருக்கிறது. மூன்றே காலா நாலா என்பது தெருவுக்குத் தெரியாது. ரூபாய் பிசகாத கணக்கை இங்கே எழுதுவதற்கு அவர்கள் சம்மதித்தார்கள், ஊர் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. போட்டோவிலும் வாசல், பெயர்ப்பலகை, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த குடும்பப் படம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றை எடுக்கச் சொன்னார். மேடையில் ரேஷன் பை தெரிந்தது.

கடைசியில் போட்ட பதிவு இது:

“நாற்பது வருஷத்து வீடு, 950 சதுர அடி. சமையலறை, இரண்டு அலமாரி, டிவி பெட்டி, பூஜை அலமாரி. பிப்ரவரி முதல் மே 2024. மேடைக்குக் கீழே இருந்த கடப்பாக் கல்லை வைத்துக்கொண்டு கதவு மட்டும் போட்டிருந்தால் சுமார் 3.3 லட்சம். இவர்கள் குனியாமல் எடுக்க இழுப்பறை கேட்டார்கள், 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கொத்து வேலை, மின்வேலை, சிம்னி உள்ளே. ஃபிரிட்ஜ், அடுப்பு, பெயின்ட் இதில் இல்லை. முதல் பேச்சிலிருந்து சாவி கொடுத்தது வரை 94 நாள். அதில் கை வேலை 36 நாள். படுக்கையறைச் சுவரில் ஓதம் இருந்ததால் பூசிக் காயவைக்க 24 நாள் போனது. உங்கள் வீட்டுச் சுவர் காய்ந்திருந்தால் அது மிச்சம். ஆவணியில் குடிபுக நினைக்கிறவர்கள் பங்குனியிலேயே பேசிவிட வேண்டும். சில ஆசாரிகள் ஆடியில் புது வேலை தொடங்குவதில்லை.”

இதில் ஒன்றைப் பிறகு சேர்த்தேன். வேலை முடிந்ததும் எடுத்த போட்டோவில் எல்லா அலமாரியும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகையில் நல்ல மழை அடித்து ஓய்ந்த பிறகு ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அலமாரியின் அடித்தட்டை இழுத்துப் பார்த்தேன், முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். பெரிய அலமாரி நன்றாக இருந்தது. சின்ன அலமாரிக்குப் பின்னால், நாங்கள் கொத்தாமல் விட்ட மூன்றடிக்கு மேலே, உள்ளங்கை அளவுக்கு ஒரு இடத்தில் உப்பு மறுபடி பூத்திருந்தது. ஒரு அங்குல இடைவெளி இருந்ததால் பலகையை அது தொடவில்லை. அதையும் ஒரு போட்டோ எடுத்து, “ஆறு மாதத்துக்குப் பிறகு” என்று பதிவின் கடைசியில் வைத்தேன். தஞ்சாவூர் நண்பர் போன் பண்ணித் திட்டினார். நான் அந்தப் போட்டோவைப் பதிவிலிருந்து எடுக்கவில்லை.